யாழினிக்கு, முதல் பிறந்தநாளில் மாமா எழுதியது

செங்கோட்டை
28 ஜூன் 2025

மருமகளே,

இன்று உனக்கு ஒரு வயது. வாழ்த்து மட்டும் என்றால் வாட்ஸ்அப்பில் ஒரு கேக் படம் போதும், உன் சித்திகள் காலையிலிருந்து அதைத்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். இது வேறு. இதை உன் அம்மா பத்திரமாக வைத்திருந்து, நீ பத்தாம் வகுப்புக்கு வரும்போது கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. அந்த வயதில்தான் பிள்ளைகளுக்குப் பெற்றவர்களைக் கண்டாலே ஆகாது. எனக்கும் உன் அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்தது. ஆகவே, இந்த ஒரு வருடம் அவர்கள் இரண்டு பேரும் எப்படி இருந்தார்கள் என்று பக்கத்திலிருந்து பார்த்தவன் எழுதி வைக்கிறேன். அவர்களாக உன்னிடம் சொல்ல மாட்டார்கள். பாதியை இப்போதே மறந்துவிட்டார்கள்.

நீ பிறந்தது போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை, தென்காசியில். வெளியே சாரல். உன் அப்பா புனலூரில் வேலையிலிருந்து அப்படியே பஸ் ஏறி, ஆரியங்காவு, கோட்டைவாசல், புளியரை என்று மலை இறங்கி வந்து சேர்ந்தபோது நீ பிறந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. சட்டை முழுக்க நனைந்திருந்ததால் ஆச்சி உன்னை அவர் கையில் தரவில்லை. என் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டுதான் உன்னை முதலில் தூக்கினார். அந்தப் போட்டோவில் அவருக்கு ஏன் தொளதொளவென்று ஒரு கட்டம் போட்ட சட்டை என்று கேட்பாய், அதனால் சொல்கிறேன். சேனை தொட்டு வைத்தது உன் ஆச்சி. உன் வாய்த்துடுக்குக்கு அவர்தான் பொறுப்பு.

மூன்றாம் மாதம் உன்னைக் கேரளப் பக்கம் ஆரியங்காவில் உன் அப்பா வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டோம். காரில் ஆச்சி வசம்பு, உரைகல், பேறுகால மருந்து, இரண்டு பழைய வேட்டி எல்லாம் ஏற்றியிருந்தார். அங்கே வசம்பே கிடைக்காதது போல! வழி முழுக்க நீ தூங்கினாய், உன் அம்மா அழுதாள், உன் அப்பா வளைவுகளில் டிரைவரை மெதுவாகப் போகச் சொல்லிச் சொல்லி அந்த மனிதர் கடைசியில் பேசுவதையே நிறுத்திவிட்டார்.

அதற்கடுத்த மாதம்தான் கஷ்டமானது. இதை எழுதலாமா என்று உன் அம்மாவிடமே கேட்டேன், எழுது அண்ணா என்றாள். உனக்கு ராத்திரி தூக்கமே கிடையாது. ஓயாத மழை, துணி எதுவும் காயவில்லை, உன் அப்பாவுக்குக் காலை வேலை. ஒரு நாள் நடு ராத்திரியில் எனக்குப் போன் வந்தது. உன் அம்மாதான். ஒன்றும் பேசவில்லை, அழுதுகொண்டே இருந்தாள். கடைசியில், "எனக்கு இது வரலை அண்ணா" என்றாள். படிப்பில் எப்போதும் முதலாவது வந்தவள், பி.எட். முடித்தவள், என் கடைக் கணக்கை நிமிடத்தில் போட்டுத் தருகிறவள். உன் அத்தை காலை முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டாள். ஒரு வாரம் அங்கேயே இருந்து, உன்னைத் தான் பார்த்துக்கொண்டு உன் அம்மாவைத் தூங்க வைத்தாள். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். பிள்ளை பெற்ற பெண்களுக்கு இது வருவதுதான், மறைக்காமல் சொன்னது நல்லது என்று அந்த டாக்டரம்மா சொன்னாராம். உன் அப்பா அந்த வாரத்திலிருந்து ராத்திரிப் பாதியைத் தன் பங்காக எடுத்துக்கொண்டார். உன்னைத் தோளில் போட்டு வராந்தாவில் நடப்பார். மலையாளத்தில் ரேடியோச் செய்தி வாசிப்பது போல அன்றைய ஆபீஸ் கதையைச் சொல்வார். நீ அதற்குத்தான் தூங்கினாய். ஆச்சியின் தாலாட்டுக்குக்கூட இல்லை.

உனக்குத் தடுப்பூசி அட்டை இரண்டு உண்டு. ஆரம்பத்து ஊசிகளுக்கு இங்கே போட்டுக் கொடுத்தது ஒன்று, அங்கே போட்டது மலையாளத்தில் ஒன்று. இரண்டையும் இதே கவரில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். முதல் ஊசியில் நீ அரை நிமிடம் அழுதாய். உன் அப்பா வெளியே போய் டீக்கடை ஓரமாக நின்று அழுததை நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி வந்துவிட்டேன். இப்போது சொல்லிவிட்டேன், மாப்பிள்ளை மன்னிக்கவும்.

சடங்குகளில் உனக்கு இரட்டிப்பு லாபம். அந்தப்பக்க வழக்கப்படி இருபத்தெட்டாம் நாள் அரைஞாண் கட்டு, ஆறாம் மாதம் கோயிலில் சோறூண். இங்கே பங்குனி உத்திரத்துக்கு நம் சாஸ்தா கோயிலில் மொட்டையும் காதுகுத்தும், தாய்மாமன் என் மடியில். மொட்டைக்குச் சிரித்தாய். காதுகுத்துக்கு என் விரலைக் கடித்தாய், அதற்குள் உனக்கு இரண்டு பல். உனக்கு அங்கே அங்கன்வாடியில் தரும் அமுதம் பொடியும் கொடுத்தார்கள், ஆச்சி இடித்து அனுப்பிய சத்துமாவும் கொடுத்தார்கள். எது நல்லது என்று இரண்டு ஆச்சிகளுக்கும் இன்னும் தீரவில்லை. நீ இரண்டையும் துப்பிவிட்டு ஏத்தங்காய்ப் பொடிக் கஞ்சியை மட்டும் குடித்தாய்.

எந்த ஊர்ப் பிள்ளை நீ என்று யாராவது கேட்டால் குழம்பாதே. உன் கொள்ளுத்தாத்தா இதே செங்கோட்டையில் பிறந்தபோது இது திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1-ஆம் தேதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அவர் அதற்கப்புறமும் தேங்காய் வாங்க மலை ஏறிக்கொண்டுதான் இருந்தார். 1904-லிருந்து ரயில் ஓடிய பாதை இது. பதின்மூன்று கண் பாலத்தின் மேல் மீட்டர் கேஜ் வண்டியில் ஜன்னலோரம் இடம் பிடிக்க நானும் உன் அம்மாவும் அடித்துக்கொண்டிருக்கிறோம். 2010-இல் அகலப்பாதை போடுவதற்காக நிறுத்தி, 2018-இல்தான் மறுபடி முழுதாக விட்டார்கள். ஆரியங்காவு ஐயனின் திருக்கல்யாணத்துக்கே பெண் வீட்டார் மதுரையிலிருந்து சீர் கொண்டு போகிறார்கள், சௌராஷ்டிர மக்கள். தேவஸ்வம்காரர்கள் அவர்களைச் சம்பந்தியாக வரவேற்கிறார்கள். மலைக்கு அந்தப்பக்கம் சம்பந்தம் செய்தது நாங்கள் மட்டுமில்லை.

இன்றைய தேதியில் உன் நிலவரம்: பிடித்துக்கொண்டு நிற்கிறாய், விட்டால் உட்கார்ந்துவிடுகிறாய். குரங்கு வந்தால் பயப்படாமல் அதற்குப் பிஸ்கட்டை நீட்டுகிறாய், இந்தப் பழக்கத்தை மட்டும் விட்டுவிடு. இந்த வருடம் கேரளத்தில் மழை மே 24-ஆம் தேதியே தொடங்கிவிட்டது, அதிலிருந்து உன்னை வராந்தாவிலிருந்து உள்ளே கொண்டுவர இரண்டு ஆள் தேவைப்படுகிறது. தண்ணீர் கண்டால் அப்படி ஒரு வெறி. குற்றாலத்தில் உன்னை எப்படிச் சமாளிக்கப் போகிறோம் என்று தெரியவில்லை.

நல்லா இரு கண்ணு. நிறையச் சாப்பிடு, நிறையப் படி, சண்டை போட வேண்டிய இடத்தில் போடு. அம்மாவோடு சண்டை வந்தால் பஸ் ஏறி இங்கே வா. சோறு போடுவேன், ஆனால் கட்சி அவள் பக்கம்தான்.

தங்கச்சிக்கும் மாப்பிள்ளைக்கும்: கொலுசு வேண்டுமென்றே ஒரு அளவு பெரிதாக எடுத்திருக்கிறேன், இன்னும் ஆறு மாதத்தில் சரியாகும். திருகு லூசாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வரும்போது கொண்டுவாருங்கள், ஆசாரியிடம் கொடுத்து இறுக்கித் தருகிறேன். பில் டப்பாவின் அடியில் இருக்கிறது.

அன்புடன்,
உன் மாமா