ஜூன் 1 முதல் காரைக்குடியில் நம் அலுவலகம்

அனைவருக்கும் வணக்கம்.

2026 ஜூன் 1, திங்கள்கிழமை முதல் நம் அலுவலகம் கானாடுகாத்தானிலிருந்து காரைக்குடி செக்காலை ரோட்டுக்கு மாறுகிறது. இரண்டாவது மாடி, லிஃப்ட் உண்டு. நேரம் பழையபடி 9.30 முதல் 6 வரை.

மாறுவதற்குக் காரணம் இந்த வீடுதான். பங்காளிகள் பலருக்குப் பொதுவான வீடு என்பது உங்களுக்குத் தெரியும். ஆவணியில் அவர்கள் வீட்டுக் கல்யாணம் இங்கேயே நடக்கிறது, வளவு முழுவதும் அவர்களுக்குத் தேவைப்படுகிறது. கேட்பது அவர்கள் உரிமை. அதோடு, போன ஐப்பசி மழையில் ஓடு ஒழுகி சர்வர் அறையில் வாளி வைத்துக் காவல் இருந்தோமே, அதை இன்னொரு வருடம் என்னால் பார்க்க முடியாது. ஏழு வருடமாக முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிட்ட நமக்கு இந்த இடத்தை விடுவது லேசில்லை. வீட்டு ஆச்சியிடம் எல்லோரும் சொல்லிக்கொண்டு கிளம்புவோம்.

மே 31 டிடிஎஸ் ரிட்டர்னுக்குக் கடைசி நாள். அதனால் மே 26க்குள் எல்லா ஃபைலிங்கையும் முடித்துவிடுங்கள். 29 வெள்ளி காலை 9.15க்குப் புது இடத்தில் பால் காய்ச்சுகிறோம், வர முடிந்தவர்கள் வாருங்கள். 30, 31 சாமான் ஏற்றுகிற நாட்கள். அந்தச் சனிக்கிழமை மற்றவர்களுக்கு விடுமுறை. உங்கள் மேஜையில் உள்ள கோப்புகளை 28 மாலைக்குள் பெட்டியில் கட்டி, கிளையண்ட் பெயரை வெளியே எழுதிவிடுங்கள்.

தேவகோட்டைக்காரர்களுக்குப் பயணம் குறையும். திருமயம், புதுக்கோட்டைப் பக்கமிருந்து வருகிறவர்களுக்குத்தான் தூரம் கூடுகிறது. அது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. வீட்டிலிருந்து வேலை செய்யும் ஏற்பாட்டை இப்போதே தொடங்குவது அதனால்தான். ஜூன் 16 முதல் செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் வீட்டிலிருந்து வேலை செய்யலாம். லேப்டாப் அலுவலகம் தரும், இணையத்துக்கு மாதம் 500 ரூபாய் சம்பளத்தோடு வரும். திருமயம், புதுக்கோட்டைக்காரர்களுக்குக் கூடுதல் பஸ் செலவையும் அலுவலகமே ஏற்கும்.

ஆனால் மாதாமாதம் 9 முதல் 11 வரையும், 18 முதல் 20 வரையும் எல்லோரும் நேரில் வர வேண்டும். 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி 3பி. அந்த நாட்களில் ஒரு பில் சந்தேகத்துக்குப் பத்து ஃபோன் போடுவதைவிடப் பக்கத்தில் இருப்பது நல்லது. சேர்ந்து மூன்று மாதம் ஆகாதவர்களும் தினமும் வாருங்கள். இந்த வேலை பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத்தான் கைவரும். கிளையண்ட் காகிதம் எதுவும் வீட்டுக்குப் போகக் கூடாது. இதில் விலக்கு கிடையாது.

கைக்குழந்தை, வீட்டில் நோயாளி என்று யாருக்காவது இந்த நாட்கள் ஒத்துவராது என்றால், குரூப்பில் சொல்லத் தயங்கினால் எனக்குத் தனியாக எழுதுங்கள். மே 20க்குள் சொன்னால் அதற்கேற்ப நாட்களை மாற்றித் தருகிறேன்.

- அலுவலக மேலாளர்