பால், தயிர் இறக்கும்போது: காலை ஷிப்ட் கவனத்துக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

போன செவ்வாய்க்கிழமை காபி பாய்லரில் முப்பது லிட்டர் பால் திரிந்துபோனது உங்களுக்குத் தெரியும். பால்காரரைக் குறை சொல்ல முடியாது. நாலரைக்கு வந்த கேனை ஐந்தே முக்கால் வரை பின்வாசல் படியில் வைத்தது நாம்தான். அதனால் நாளையிலிருந்து வண்டி நின்ற பதினைந்து நிமிடத்துக்குள் பாலும் தயிரும் கூல் ரூமுக்குள் போய்விட வேண்டும். ஸ்டோர் கீப்பர் வர நேரமானால் காபி மாஸ்டரே இறக்கிக்கொள்ளலாம்; என்னைக் கேட்கக் காத்திருக்க வேண்டாம்.

இறக்கியதும் மூடியைத் திறந்து முதலில் முகர்ந்து பாருங்கள். புளிப்பு வாடையோ, சோப்பு வாடையோ வந்தால் அந்தக் கேன் வேண்டாம். அப்புறம் தெர்மாமீட்டர். ஐந்து டிகிரிக்குள் இருந்தால் நல்லது, எட்டைத் தாண்டினால் திருப்பி அனுப்புங்கள். ஒவ்வொரு கேனையும் நன்றாகக் கலக்கி ஒரு கரண்டி எடுத்துத் தனியாகக் கொதிக்க வையுங்கள். துளி திரிந்தாலும் அந்தக் கேனை வாங்கக் கூடாது. இரண்டு நிமிட வேலைதான், ஆனால் செவ்வாய்க்கிழமை இதைச் செய்திருந்தால் பாய்லரில் இருந்த நல்ல பாலாவது தப்பியிருக்கும்.

லாக்டோமீட்டரை மட்டும் நம்பாதீர்கள். குளிர்ந்த பாலில் அது கூடுதலாகவே காட்டும். ஆடை எடுத்த பாலில் தண்ணீர் சேர்த்தாலும் அளவு சரியாக இருப்பதுபோலத் தெரியும். சந்தேகம் வந்தால் எனக்குப் போன் செய்யுங்கள், எந்த நேரமானாலும் சரி.

பாக்கெட் பாலில் தேதியைப் பாருங்கள். ஒழுகுகிற பாக்கெட்டையும் உப்பியதையும் எண்ணித் தனியாக வைத்து, பில்லில் குறைத்து எழுதி வாங்குங்கள்.

தயிர் வாளியில் சீல் உடைந்திருந்தால் வாங்க வேண்டாம். மேலே கொஞ்சம் தண்ணீர் நிற்பது பரவாயில்லை. நுரைத்திருந்தாலோ, நூல் மாதிரி இழுத்தாலோ, பூஞ்சை தெரிந்தாலோ திருப்பிவிடுங்கள். பூஞ்சையை வழித்து எறிந்துவிட்டு மீதியைப் பயன்படுத்துவது நம் சமையலறையில் கூடாது.

கூல் ரூமில் பாலும் தயிரும் இடதுபக்க ரேக்கில் மட்டும், தரையில் வைக்காமல். வெட்டிய வெங்காயமும் பூண்டும் அந்தப் பக்கமே வரக் கூடாது, பால் வாடையை இழுத்துக்கொள்ளும். வந்த தேதியை டேப்பில் எழுதி ஒட்டி, பழையதை முன்னால் வையுங்கள். நேற்றைய தயிரைப் புது வாளியில் ஊற்றாதீர்கள். அது புளித்திருந்தால் தயிர்சாதத்துக்கு வேண்டாம், மோர்க்குழம்புக்கும் ரவா தோசைக்கும் அன்றே தீர்த்துவிடுங்கள். எடுத்த கரண்டியை வாளிக்குள்ளேயே போட்டு வைக்காதீர்கள்.

வந்த நேரம், அளவு, வெப்பநிலை, திருப்பியது எல்லாவற்றையும் கதவுப் பக்கத்து நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். காலி கேன்களை அன்றே வெந்நீரில் கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டியது பாத்திரப் பிரிவு.

சமையலறை மேலாளர்