வாரம் ஒரு கறி: 45 விநாடி ஸ்கிரிப்ட்

டர்பன், சாட்ஸ்வொர்த் மசாலாக் கடைக்காக. போனை நிமிர்த்திப் பிடித்தே எடுக்கவும்.

0–3 விநாடி, வாராவாரம் மாறும். பன்னி சௌ, அதாவது நடுவைத் தோண்டிக் குழம்பு ஊற்றும் கால் ரொட்டி, நெருக்கத்தில்.
அக்கா: "பன்னி சௌவில் குழம்பு ஊறி ரொட்டி பிய்ந்துபோகிறதா?"
(எப்போதும் கேள்வியாகவே இருக்கட்டும். வணக்கம் அப்புறம்.)

3–7, எல்லா வாரமும் மாறாது. கல்லாவுக்கு முன்னால்.
அக்கா: "வணக்கம்! வாரம் ஒரு கறி, நம்ம கடையிலிருந்து."
(ஒரே தடவை எடுத்து எல்லா வாரமும் ஒட்டிக்கொள்ளலாம்.)

7–35, மாறும். மூன்றே ஷாட். கையும் சட்டியும் மட்டும். குரலைப் பிறகு சேர்க்கலாம்.
வெங்காயம்: "பொன்னிறமானதும் தீயைக் குறைத்து இரண்டு மேசைக்கரண்டி மசாலா. தீ கூடினால் பொடி கருகிக் கசக்கும்."
ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு: "கிழங்கு கொஞ்சம் கரைந்தால்தான் குழம்பு தடிக்கும். தண்ணீர் விட்டு நீட்டாதீங்க."
ரொட்டிக்குள் ஊற்றுவது: "தடித்த குழம்பு சீக்கிரம் கசியாது." (ஆவி தெரியவேண்டும், சூடாக ஊற்றவும்.)

35–42, மாறாது. மசாலாப் பொட்டலம் கையில்.
அக்கா: "இந்த மசாலா கடையில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் சொன்னால் எடுத்து வைப்போம்."
(விலை சொல்லவேண்டாம், ஏறினால் பழைய வீடியோ பொய்யாகிவிடும்.)

42–45, மாறும்.
அக்கா: "அடுத்த வாரம், மாங்காய் ஊறுகாய்!"

ஞாயிறு காலை கடை திறக்குமுன் நான்கு வாரத்துக்கும் சேர்த்து எடுக்கவும். சேலை நான்கு. ஆட்டுக்கறி வேக நேரமாகும்; வெந்த சட்டி ஒன்று முந்தின இரவே தயாராக இருக்கட்டும். அம்மா நடுவில் வந்து "உப்பு பத்தலை" என்றால் வெட்டாதீங்க, அதுதான் நல்ல இடம்.