முழங்கால் மாற்று அறுவைக்குப் பின்: உன் பிரசன்டேஷனுக்கு என் கேள்விகள்

தம்பி, அந்த நோயாளி அம்மாவின் பிசியோதெரபி பற்றிய உன் ஸ்லைடுகளைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை நான் கேட்கப் போவதை இப்போதே சொல்லிவிடுகிறேன், அங்கே வந்து முழிக்காதே.

காலைத் தானே மடக்கி நீட்டிவிடும் சிபிஎம் மெஷினை ஏன் சேர்த்தாய்? முழங்கால் மடங்குவதில் நோயாளி உணரும் அளவுக்கு அது பெரிய வித்தியாசம் தருவதில்லை என்றுதானே 2014 காக்ரேன் தொகுப்பாய்வு சொல்கிறது? வார்டில் மெஷின் இருக்கிறது, அதனால் போடுகிறோம் என்பது பதில் இல்லை.

மடக்கம் 95 டிகிரி, சரி. அவரே காலை நீட்டும்போது 10 டிகிரி பாக்கி என்கிறாயே, அது முன்தொடைத் தசை குவாட்ரிசெப்ஸின் பலவீனமா, மூட்டே இறுகிவிட்டதா? படுக்கவைத்து உன் கையால் நீட்டிப் பார்த்தாயா? இரண்டுக்கும் வழி வேறு.

முதல் வாரமும் ஆறாம் வாரமும் அதே பத்து முறை, அதே பயிற்சி. எடை எப்போது கூடும், எதைப் பார்த்துக் கூட்டுவாய்?

அப்புறம் எனக்கு முக்கியமானது. 62 வயது அம்மா, மாடி வீடு, சமையலும் அவர்தான், அவருக்கு எட்டுப் பயிற்சி, தினமும் மூன்று வேளை எழுதிக் கொடுத்துவிட்டு, "செய்றேன்பா" என்று அவர் சொன்னதை அப்படியே ஸ்லைடில் போட்டிருக்கிறாய் (நானும் படிக்கும்போது இதைத்தான் செய்தேன்). எதை விட்டார், ஏன் விட்டார்? வலி மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் கழித்துச் செய்கிறார்? உன் முன்னால் செய்துகாட்டச் சொன்னாயா? மூன்று மட்டும் வைக்கலாம் என்றால் எந்த மூன்று?