கிளவுட் சேமிப்பு: திருப்பூர் பின்னலாடை நிறுவன உரிமையாளர்களுக்கு ஒரு விளக்க அறிக்கை

இருபது முதல் நூறு மெஷின் வரை வைத்து நடத்தும் உரிமையாளர்களை மனதில் வைத்து இதை எழுதியிருக்கிறோம். கம்ப்யூட்டர் படித்திருக்க வேண்டியதில்லை. நூல் எடுத்ததிலிருந்து கன்டெய்னர் ஏற்றும் வரை ஒரு ஆர்டரைக் கொண்டுபோகத் தெரிந்தவருக்கு இதில் புரியாதது எதுவும் இல்லை.

போன மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை காலை எங்கள் கணினிப் பராமரிப்பு அலுவலகத்துக்கு நாற்பத்தைந்து மெஷின் யூனிட் ஒன்றிலிருந்து போன் வந்தது. அக்கவுண்டன்ட் டேலியைத் திறந்தால் திறக்கவில்லை. எல்லா ஃபைல்களின் பெயருக்குப் பின்னாலும் புரியாத எழுத்துகள் ஒட்டியிருந்தன. பணம் கட்டினால்தான் பூட்டைத் திறப்போம் என்று ஒரு மிரட்டல் குறிப்பு திரையில் இருந்தது. இதற்கு ரான்சம்வேர் என்று பெயர். ஆறு வருட இன்வாய்ஸ், பையர் அனுப்பிய ஆர்ட்வொர்க், கேட் பேட்டர்ன், தொழிலாளர் சம்பளப் பதிவு எல்லாம் பூட்டிக்கொண்டன. வருடக் கணக்கு முடிக்கும் நேரம் வேறு.

அவர்கள் அஜாக்கிரதையாக இருந்தவர்கள் இல்லை. எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் வாங்கி, தினமும் பேக்கப் எடுத்திருக்கிறார்கள். அந்த டிஸ்க் எப்போதும் கம்ப்யூட்டரின் பின்னாலேயே சொருகியிருந்தது. கம்ப்யூட்டருக்குள் வந்த வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிட்டது. "சார், பேக்கப் இருந்துச்சே, அதும் எப்படிப் போச்சு?" என்று உரிமையாளர் கேட்டார். அந்தக் கேள்விக்கான முழுப் பதில்தான் இந்த அறிக்கை.

கிளவுட் என்பது எங்கே இருக்கிறது

பெயர்தான் மேகம். உண்மையில் அது தரையில் நிற்கும் பெரிய கட்டடம். ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள், தடையில்லா மின்சாரம், குளிரூட்டல், இரவு பகல் காவல். அதில் நமக்குத் தேவையான இடத்தை மட்டும் மாத வாடகைக்கு எடுத்து, இன்டர்நெட் வழியாக ஃபைல்களை அனுப்பி வைக்கிறோம். அமேசான் இந்தச் சேமிப்புச் சேவையை 2006-ல் வெளியிட்டது. மைக்ரோசாஃப்ட் 2015-ல் புனே, சென்னை, மும்பை ஆகிய இடங்களிலும், அமேசான் 2016-ல் மும்பையிலும் இதற்கான டேட்டா சென்டர் வசதிகளைத் தொடங்கின. ஆகவே நம் தரவு கடல் தாண்டித்தான் போக வேண்டும் என்ற நிலை இன்று இல்லை.

திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்க வெளியே போக வேண்டியதில்லை. சாயப்பட்டறைகளுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு பட்டறையும் அப்படியொரு ஆலையைத் தனியாகக் கட்டினால் கட்டுப்படியாகாது. பலர் சேர்ந்து ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். கிளவுட்டும் அதே ஏற்பாடுதான். ஒரே வித்தியாசம், அங்கே கழிவுநீர் கலந்துவிடும். இங்கே உங்கள் ஃபைல் அடுத்தவர் ஃபைலோடு கலக்காது. ஒவ்வொருவருடையதும் தனித்தனியாகக் குறியாக்கம் செய்து பூட்டி வைக்கப்படுகிறது. ஒரு டிஸ்க் பழுதானால் தரவு போய்விடாதபடி ஒவ்வொரு ஃபைலும் பல இடங்களில் படியெடுத்து வைக்கப்படுகிறது. உங்கள் அக்கவுண்ட்ஸ் அறையில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

சிங்க் வேறு, பேக்கப் வேறு

இந்த அறிக்கையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். நாங்கள் பார்க்கும் இழப்புகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் ஒன்றென்று எண்ணியதால் வந்தவை.

கூகுள் டிரைவ், ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் ஆகியவை முதன்மையாக சிங்க் சேவைகள். உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டர், கிளவுட்டில் அதன் பிம்பம். மெர்ச்சண்டைசர் ஒரு டெக் பேக்கைத் திருத்தினால் கட்டிங் மாஸ்டரின் கம்ப்யூட்டரிலும் திருத்திய பதிப்பே தெரியும். பழைய அளவில் துணி வெட்டி வீணாகும் ஆபத்து குறைகிறது. இந்த ஒன்றுக்காகவே சிங்க் வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் பிம்பம் என்பதன் மறுபக்கத்தையும் பாருங்கள். இங்கே ஒருவர் தவறுதலாக அழித்தால் அங்கேயும் அழிகிறது. இங்கே ரான்சம்வேர் பூட்டினால், பூட்டிய ஃபைலே அங்கேயும் ஏறுகிறது. கூகுள் டிரைவில் அழித்த ஃபைல் குப்பைத் தொட்டியில் 30 நாள் இருக்கும், பிறகு நிரந்தரமாகப் போய்விடும். நாம் ஏற்றிய ஃபைல்களின் பழைய பதிப்புகளும் பொதுவாக 30 நாள் அல்லது 100 பதிப்பு வரைதான் நிற்கும். போன சீசன் ஸ்டைலை அதே பையர் ஆறு மாதம் கழித்து ரிப்பீட் ஆர்டராகக் கேட்கும்போதுதான் ஃபைல் காணாமல் போனதே பலருக்குத் தெரிகிறது. அதற்குள் 30 நாள் எப்போதோ கடந்திருக்கும்.

பேக்கப் என்பது குறிப்பிட்ட தேதியில் இருந்த நிலையை அப்படியே எடுத்துத் தனியே பூட்டி வைப்பது. நேற்றைய படி, போன வாரப் படி, போன மாதப் படி என்று அடுக்கடுக்காக இருக்கும். இன்று எது கெட்டாலும் நேற்றைய படி கெடாது. சில சேவைகளில், குறித்த காலம் வரை யாராலும், நிறுவன உரிமையாளராலும்கூட, அந்தப் படியை அழிக்கவோ மாற்றவோ முடியாதபடி வைக்கலாம். ரான்சம்வேருக்கு எதிராக எங்களுக்குத் தெரிந்த வலுவான காப்பு இதுதான். அந்த யூனிட்டில் இப்படி ஒரு படி கிளவுட்டில் இருந்திருந்தால் செவ்வாய்க்கிழமை வேலை தொடங்கியிருக்கும்.

டேலி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. டேலியின் டேட்டா ஃபோல்டரை நேரடியாக சிங்க் ஃபோல்டருக்குள் வைக்காதீர்கள். டேலி பல ஃபைல்களை ஒரே நேரத்தில் திறந்து எழுதிக்கொண்டிருக்கும். பாதி எழுதியதை சிங்க் மேலே ஏற்றினால் தரவு சிதையக்கூடும். தினமும் கணக்கு முடித்ததும் டேலியின் பேக்கப் வசதியில் படி எடுத்து, அந்தப் படியை மட்டும் கிளவுட்டுக்கு அனுப்புங்கள். டேலிபிரைமில் Alt+Y அழுத்தினால் வரும் பட்டியலில் Backup இருக்கிறது.

ஜாப்வொர்க் கொடுத்தாலும் பொறுப்பு நம்முடையது

துணியை வெளியே சாயம் போடக் கொடுக்கிறோம். ஷேடு மாறிவிட்டால் பையர் கேட்பது நம்மைத்தான். கிளவுட்டும் அப்படித்தான். கட்டடம், மின்சாரம், டிஸ்க் ஆகியவை அவர்கள் பொறுப்பு. யாருக்கு அனுமதி, பாஸ்வேர்டு யாரிடம், இன்னொரு படி எங்கே என்பவை நம் பொறுப்பு.

2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று தீயில் எரிந்தது. வேறு இடத்தில் படி வைத்திராத வாடிக்கையாளர்கள் பலர் தரவை இழந்தார்கள். அதனால்தான் 3-2-1 என்று சொல்வார்கள்: மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு ஊரில். உங்கள் கம்ப்யூட்டரில் ஒன்று, ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, கிளவுட்டில் ஒன்று. ஹார்டு டிஸ்க்கைப் படி எடுத்ததும் கழற்றி பீரோவில் வையுங்கள்.

நெருப்பைவிட அடிக்கடி நடப்பது வேறொன்று. கிளவுட் கணக்கை யார் பெயரில் தொடங்கினோம் என்பதைச் சோதித்துப் பாருங்கள். நாங்கள் போகும் இடங்களில் மெர்ச்சண்டைசரின் சொந்த ஜிமெயிலில் பையர் ஃபைல்கள் எல்லாம் இருக்கும். அவர் வேலையை விட்டுப் போகிறார். மனக்கசப்பு எதுவும் இல்லாவிட்டாலும், பாஸ்வேர்டு அவர் போனோடு போய்விடுகிறது. இரண்டு வருடம் பயன்படுத்தாத தனிநபர் கணக்கை கூகுள் அழிக்கவும் செய்யலாம். கணக்கு நிறுவனத்தின் பெயரில், நிறுவனத்தின் மின்னஞ்சலில், உரிமையாளர் தலைமை நிர்வாகியாக இருக்கும்படி தொடங்கப்பட வேண்டும். இதில் தயவுசெய்து தாட்சண்யம் பார்க்காதீர்கள். கடைச் சாவியை யாரிடம் வைப்பீர்களோ, அப்படி யோசியுங்கள்.

பாஸ்வேர்டோடு நிற்காமல் இரண்டாம் நிலைச் சரிபார்ப்பையும் இயக்குங்கள். பாஸ்வேர்டு திருட்டுப் போனாலும், உங்கள் போனில் வரும் ஒப்புதல் இல்லாமல் யாரும் எளிதில் நுழைய முடியாது.

சட்டம் கேட்பது

ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 2024-25 நிதியாண்டின் இன்வாய்ஸ்களை 2031 டிசம்பர் வரை காக்க வேண்டும் என்று பொருள். எந்த ஹார்டு டிஸ்க்கையும் அத்தனை வருடம் நம்பியிருக்க முடியாது.

பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக இருந்தால் இன்னொன்றும் உண்டு. மின்னணு முறையில் வைக்கும் கணக்குப் புத்தகங்களின் பேக்கப் தினமும் இந்தியாவில் உள்ள சர்வரில் இருக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டது. பார்ட்னர்ஷிப், தனி உரிமை நிறுவனங்களுக்கு இந்த விதி இல்லை. தொழிலாளர்களின் ஆதார், வங்கி விவரங்களை வைத்திருக்கும் அனைவரும் 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றி ஆடிட்டரிடம் கேளுங்கள். தக்க பாதுகாப்பு செய்யத் தவறினால் அபராதத்தின் உச்ச வரம்பு 250 கோடி ரூபாய்.

நேரமும் செலவும்

நடுத்தர யூனிட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். டேலி 4 ஜிபி, ஆவணங்கள் 56 ஜிபி, ஆர்ட்வொர்க்கும் சாம்பிள் படங்களும் 300 ஜிபி, ஆக 360 ஜிபி. அப்லோடு வேகம் நொடிக்கு 20 மெகாபிட் என்றால் முதல் முறை ஏற்ற 40 மணி நேரம் ஆகும். இரவு நேரத்தில் மட்டும் ஓடவிட்டால் நான்கைந்து இரவுகள். அதன்பின் மாறியவை மட்டுமே ஏறும் என்பதால் தினமும் சில நிமிடங்கள் போதும். இன்டர்நெட் கம்பெனியிடம் பேசும்போது டவுன்லோடு வேகத்தைச் சொல்வார்கள். அப்லோடு வேகம் என்ன என்று தனியாகக் கேளுங்கள்.

கட்டணம் இடத்தின் அளவையும் ஆட்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது. சில சேவைகளில் வைப்பதற்கு மலிவு, திரும்ப எடுக்கும்போது தனிக் கட்டணம். ஒப்புக்கொள்வதற்கு முன்னால் அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. உங்கள் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்து நிறுவனத்தின் பெயரில் பில் வாங்கினால் உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். தனிநபர் கணக்கில் வாங்கினால் அது போய்விடும்.

தொடங்கும் முறை

முதல் வாரம் டேலி பேக்கப்பையும் இன்வாய்ஸ்களையும் மட்டும் ஏற்றுங்கள். இரண்டாம் வாரம் பையர் ஃபைல்கள். பழைய சாம்பிள் படங்கள் கடைசியில் போகட்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் தூக்கிப் போட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

மூன்றாம் வாரம் ஒரு சோதனை. அலுவலகத்தில் எதுவும் ஏற்றப்படாத வேறொரு லேப்டாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு ஷிப்பிங் பில்லையும் போன வெள்ளிக்கிழமையின் டேலி பேக்கப்பையும் கிளவுட்டிலிருந்து இறக்கித் திறக்கச் சொல்லுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நீங்களே பக்கத்தில் உட்காருங்கள். ஒரு மணி நேரத்துக்குள் இரண்டும் திறந்தால் ஏற்பாடு சரி. திறக்கவில்லை என்றால், சேவை வழங்குபவருக்கு அன்றே போன் செய்து, அவர் எதிரில் இருக்க மறுபடி செய்து பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, முன்கூட்டிச் சொல்லாமல், வேறு இரண்டு ஃபைல்களைக் கேளுங்கள்.