எங்கட அபிராமியின்ர கலியாணத்துக்கு எல்லாரும் வாங்கோ

அன்பான பெரியப்பா, பெரியம்மா, சித்தப்பா, சித்தி, மாமா, மாமி, மச்சான், மச்சாள்மார், பிள்ளையள் எல்லாருக்கும்,

எங்கட மூத்தவள் அபிராமிக்குக் கலியாணம் சரிவந்திட்டுது. மாப்பிள்ளை கரவெட்டிப் பிள்ளை, பேர் செந்தூரன். நல்ல குணம். வந்த முதல் நாளே அம்மம்மாவுக்குப் பக்கத்தில இருந்து அவவின்ர கதை முழுக்கக் கேட்டவர்.

காட் அடிச்சு வந்திட்டுது. இஞ்ச இருக்கிற ஆக்களுக்கு நாங்களே வீட்ட கொண்டுவந்து தருவம். ஆனாலும் "சுற்றமும் நட்பும் சூழ" எண்டு அச்சடிச்சதை மட்டும் உங்களுக்கு நீட்ட எனக்கு மனம் வரேல்லை. அதுதான் என்ர வாயாலேயே கூப்பிடுறன்.

கலியாணம் 2027 ஜனவரி 24, ஞாயிற்றுக்கிழமை. தைப்பூசம் முடிஞ்சு வாற ஞாயிறு எண்டு ஞாபகம் வைச்சிருங்கோ. முகூர்த்தம் காலமை 9.12இல இருந்து 10.34 வரை. மண்டபம் ஒண்டும் எடுக்கேல்லை. கொக்குவில் வீட்டு முத்தத்திலதான் பந்தல். அம்மம்மாவால இப்ப தூரம் போக ஏலாது. அவவின்ர கண் முன்னால தாலி ஏறவேணும் எண்டது எங்கட ஆசை.

20ஆம் திகதி புதன்கிழமை கரவெட்டியில பொன்னுருக்கு. இஞ்ச அண்டைக்குத்தான் கன்னிக்கால் நடுறம். பின்னேரமே பலகாரத்துக்கு அடுப்பு மூட்டுறம். சின்ன மாமி, அரியதரப் பாகின்ர பதம் பார்க்க உங்களை விட்டா ஆளில்லை. ஒரு கம்பிப் பதம் தப்பினாலும் எண்ணெய்க்குள்ள கரைஞ்சுபோகும் எண்டு நீங்கதானே சொல்லுறனீங்கள்! பயத்தம் பணியாரத்தை இணுவில் பெரியம்மா பொறுப்பெடுத்திட்டா. சிதம்பர முறுக்குப் பிழிய இளம் பெட்டையள் வேணும், கை நோகும்.

தோழனா நிக்கிறது எங்கட நிரோஷன். மாப்பிள்ளைக்குக் கால் கழுவி மோதிரம் வாங்க இப்பவே நாள் எண்ணுறான்.

கொழும்பில இருந்து இரவு பஸ்ஸில வாற ஆக்கள் ஏறின உடன சொல்லுங்கோ. எந்தச் சாமத்திலயும் கொக்குவில் சந்தியில மோட்டார் சைக்கிளோ ஓட்டோவோ நிக்கும். ரொறன்ரோ, லண்டன், சூரிச் பிள்ளையள் கெதியா ரிக்கெற் போடுங்கோ. ஹோட்டல் ஒண்டும் பார்க்க வேண்டாம். எங்கட வீட்டிலயும் பக்கத்துச் சித்தப்பா வீட்டிலயும் படுக்கலாம். வர ஏலாத ஆக்களுக்கு வீடியோவில காட்டுவம். தாலி கட்டேக்க கண்ணை மூடி வாழ்த்தினாலே எங்களுக்குக் காணும். ஒருத்தரும் அன்பளிப்பு எண்டு கஷ்டப்பட வேண்டாம்.

எனக்கு ஒண்டு மட்டும் கேக்கவேணும். ஞாயிறு பின்னேரம் பிள்ளையைக் கரவெட்டிக்குக் கூட்டிக்கொண்டு போவினம். சாப்பிட்ட கையோட எல்லாரும் வெளிக்கிட்டா அண்டிரவு வீட்டில எங்களால இருக்க ஏலாது. ஏலுமான ஆக்கள் திங்கள் மட்டும் நில்லுங்கோ.

எத்தினை பேர், எண்டைக்கு வாறியள் எண்டு தை பிறக்க முந்தி ஒரு வரி போட்டுவிடுங்கோ. பாய் தலையணை எடுத்து வைக்கவேணும்.

அன்போட,
அபிராமியின்ர அம்மாவும் அப்பாவும்
கொக்குவில்