கடலூர் பஸ் பயணிகள் கருத்துக் கணக்கெடுப்பு: களக்குறிப்பும் வினாத்தாளும்

களப்பணியாளர் முதலில் படிக்க வேண்டியது

பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவரிடம் மட்டும் கேட்டால், ஏற முடியாமல் நிறுத்தத்திலேயே நின்றுபோனவரின் குரல் கணக்கில் வராது. அதனால்தான் இந்தக் கணக்கெடுப்பு இரண்டு இடத்தில் நடக்கிறது: ஓடும் பஸ்ஸுக்குள் 400 பேர், நிறுத்தங்களில் 240 பேர்.

பஸ்ஸுக்குள் கேட்கும் தடங்கள் ஐந்து. கடலூர்–புதுச்சேரி, நெல்லிக்குப்பம் வழி பண்ருட்டி, முதுநகர் வழி சிதம்பரம், குறிஞ்சிப்பாடி வழி வடலூர், தேவனாம்பட்டினம் டவுன் பஸ். ஒவ்வொரு தடத்திலும் ஐந்து நேரப் பிரிவுகள்: காலை 5.30–7.30, 7.30–9.30, பகல் 11–2, மாலை 4–6.30, இரவு 7.30–9.30. இதை ஒரு வேலை நாளிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமையிலும் செய்ய வேண்டும். ஒரு பிரிவுக்கு எட்டுப் பேர், ஆனால் எட்டுப் பேரும் ஒரே பஸ்ஸில் வேண்டாம்; இரண்டு பஸ்ஸில் நான்கு நான்கு பேராக எடுங்கள். ஒரே பஸ் என்றால் ஒரு கண்டக்டரைப் பற்றியும் ஒரு வண்டியைப் பற்றியும் எட்டு முறை எழுதிய மாதிரி ஆகிவிடும். முகூர்த்த நாள், தைப்பூசம், பள்ளி விடுமுறை நாட்களைத் தவிர்க்கவும். வடலூர்த் தடத்தில் தைப்பூசக் கூட்டம் மற்ற நாட்களின் நிலையைக் காட்டாது.

நால்வரில் எத்தனை பேர் நிற்பவர்கள் என்பதை உங்கள் வசதிப்படி முடிவு செய்யாதீர்கள். ஏறியதும் தலைகளை எண்ணுங்கள். 50 பேர் உட்கார்ந்து 25 பேர் நின்றால், ஒருவராவது நிற்பவராக இருக்க வேண்டும். பாதிப் பேர் நின்றால் இருவர். படியில் தொங்குபவரிடம் ஓடும்போது பேசவே கூடாது. அவர் இறங்கிய பிறகு கேளுங்கள்.

நிறுத்தங்கள் ஆறு: திருப்பாதிரிப்புலியூர் பஸ் நிலையம், மஞ்சக்குப்பம், அரசு தலைமை மருத்துவமனை, முதுநகர், சிப்காட், ரெட்டிச்சாவடி. இங்கே கூட்ட நேரமான 7.30–9.30, 4–6.30 மட்டும், அதே இரண்டு நாட்கள், ஒவ்வொரு முறையும் பத்துப் பேர். முதல் 15 நிமிடம் யாரிடமும் பேசாமல், வந்து நிற்பவர்கள் எத்தனை பேர், ஏறியவர்கள் எத்தனை பேர், இடமில்லாமல் விடப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று கோடு போட்டு எண்ணுங்கள். பிறகு புதிதாக வரும் ஒவ்வொரு மூன்றாவது ஆளிடமும் கேளுங்கள். பேசத் தயாராகச் சிரிக்கும் முகத்தைத் தேடிப் போக வேண்டாம். மறுத்தால் ‘மறுப்பு’ என்று குறித்துவிட்டு அடுத்த மூன்றாவது ஆளுக்குப் போங்கள். ரெட்டிச்சாவடியிலும் பத்து, பஸ் நிலையத்திலும் பத்து என்பதால் இரண்டையும் அப்படியே கூட்டக்கூடாது. அந்த 15 நிமிட எண்ணிக்கையை வைத்துத்தான், ஆள் அதிகம் வரும் நிறுத்தத்தின் பதில்களுக்குப் பின்னால் அதிக எடை தரப்படும். எண்ணாமல் கொண்டுவரும் தாள்கள் பயன்படாது.

கண்டக்டர் காதில் விழும் தூரத்தில் கேள்வி 7, 8, 9-ஐக் கேட்காதீர்கள். இலவசப் பயணச்சீட்டில் வரும் பெண்கள் அவர் முன்னால் நல்லதாகவே சொல்வார்கள். நாளையும் அதே பஸ்ஸில்தானே வர வேண்டும்.

தொடங்கும்போது சொல்வது

“வணக்கம். இந்தத் தடத்துல பஸ் வசதி எப்படி இருக்குன்னு பயணிகள்கிட்ட கேட்டுட்டு வர்றோம். ஐந்து நிமிஷம் ஆகும். உங்க பேரோ ஃபோன் நம்பரோ வேண்டாம். பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. கேட்கலாமா?”

வயதுக்கும் ஆளுக்கும் ஏற்ப அண்ணே, அக்கா, ஐயா, அம்மா என்று அழையுங்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவரிடம் கேட்க வேண்டாம்.

வினாத்தாள்

1. இன்னைக்கு நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு வந்தீங்க? பஸ் எத்தனை மணிக்கு வந்தது?
(“எவ்வளவு நேரம் காத்திருந்தீங்க” என்று கேட்காதீர்கள். கடுப்பில் 20 நிமிடம் 45 ஆகிவிடும். இரண்டு மணியையும் தனித்தனியே எழுதுங்கள். நிறுத்தத்தில் கேட்கும்போது இன்னும் பஸ் வரவில்லை என்றால், பேசும் நேரத்தைக் கடிகாரம் பார்த்து எழுதி ‘காத்திருக்கிறார்’ எனக் குறிக்கவும்.)

2. அதுக்கு முன்னாடி நீங்க போற ஊருக்கு வந்த பஸ் எதையாவது விட்டீங்களா?
1 இல்லை, 2 கூட்டத்தால் ஏற முடியவில்லை, 3 நிற்காமல் போனது, 4 டவுன் பஸ்ஸுக்காக நானே விட்டேன், 5 வேறு காரணம்
(பதில் 4 சொல்பவர் பெரும்பாலும் இலவசப் பயணத்துக்காகக் காத்திருப்பவர். அவருடைய காத்திருப்பைத் தாமதத்தோடு சேர்க்கக் கூடாது என்பதற்காகவே இந்தக் கேள்வி.)

3. பஸ் எங்கே நின்றது?
1 நிறுத்தத்திலேயே, 2 தள்ளி, நடந்து போய் ஏறினேன், 3 தள்ளி, ஓடிப்போய் ஏறினேன், 4 இன்னும் ஏறவில்லை

4. பயணத்தில் எவ்வளவு தூரம் நின்றுகிட்டு வந்தீங்க?
1 நிற்கவே இல்லை, 2 பாதிக்குக் குறைவு, 3 பாதிக்கு மேல், 4 முழுக்க, 5 படியில் நின்று
(இன்னும் ஏறாதவரிடம் 4 முதல் 8 வரை, இதே தடத்தில் கடைசியாகப் போன பயணத்தைப் பற்றிக் கேளுங்கள்.)

5. ஊர்ப் பலகை தூரத்துலேயே படிக்க முடிஞ்சுதா?
1 முடிந்தது; 2 கிட்டே வந்த பிறகுதான்; 3 கேட்டுத்தான் ஏறினேன்; 4 படிக்கத் தெரியாது

6. படி உயரம், கைப்பிடி, சீட்டு, ஜன்னல் இதுல எதனாலயாவது சிரமம் வந்ததா?
(அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதவும். “மழைன்னா ஜன்னலோர சீட்டுல உட்கார முடியாது” என்றால் அப்படியே. ‘ஒழுகல்’ என்று சுருக்க வேண்டாம்.)

7. டிக்கெட் வாங்கும்போது சில்லறை பாக்கி நின்றதா?
1 இல்லை, 2 நின்று, திரும்பக் கிடைத்தது, 3 கிடைக்கவில்லை, 4 இலவசப் பயணச்சீட்டு

8. கண்டக்டர், டிரைவர் பேசின விதம் எப்படி?
1 மரியாதையாக, 2 சாதாரணமாக, 3 கடிந்து, 4 பேசவே இல்லை

9. இந்த மாதத்துல பஸ்ஸிலோ நிறுத்தத்திலோ யாராலயாவது தொந்தரவு ஏற்பட்டதா?
1 இல்லை, 2 ஆம், பஸ்ஸில், 3 ஆம், நிறுத்தத்தில், 4 சொல்ல விருப்பமில்லை
(பெண்களிடம் பெண் பணியாளர் மட்டும் கேட்க வேண்டும். ‘ஆம்’ என்றால் விவரம் துருவாதீர்கள். பெண்கள் உதவி எண் 181-ஐச் சொல்லுங்கள்.)

10. இரவு 8 மணிக்கு மேல இந்தத் தடத்துல பஸ்ஸை நம்பி வெளியே போவீங்களா?
1 போவேன், 2 யாராவது கூட இருந்தால், 3 மாட்டேன், 4 தேவைப்பட்டதில்லை

11. எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்தா, இந்தத் தடத்துல பஸ் வசதி உங்களுக்கு எப்படி?
1 ரொம்பத் திருப்தி; 2 திருப்தி; 3 இரண்டும் கலந்து; 4 திருப்தி இல்லை; 5 துளியும் திருப்தி இல்லை
(இதை முதலில் கேட்டுவிடாதீர்கள். முதலில் கேட்டால் பெரும்பாலும் “நல்லாத்தான் இருக்கு” என்றே வரும். நடந்ததை நினைத்துப் பார்த்த பிறகு சொல்லும் பதில்தான் நமக்கு வேண்டும்.)

12. ஒரே ஒரு மாற்றம் செய்யலாம்னா எதைச் செய்யச் சொல்வீங்க?

கடைசியில் வயது, பாலினம், என்ன வேலைக்காகப் பயணம், வாரத்தில் எத்தனை நாள் இந்தத் தடம் என்று கேட்டு முடிக்கவும்.

தாளை ஒப்படைக்கும் முன்

தடம், நேரப் பிரிவு, அரசு பஸ்ஸா தனியார் பஸ்ஸா, ஏறும்போது இருந்த ஆள் கணக்கு, மறுத்தவர் எண்ணிக்கை ஆகியவை ஒவ்வொரு தாளின் மேலும் இருக்க வேண்டும். புதுச்சேரி, பண்ருட்டித் தடங்களில் அரசு, தனியார் இரண்டையும் தனித்தனியே குறிக்காவிட்டால் எந்தக் குறை யாருடையது என்று பிரிக்க முடியாது.

ஒரு தடத்துக்கு 80 பேர்தான். எல்லாரையும் சமவாய்ப்பில் எடுத்திருந்தாலே 11 சதவீதம் முன்பின் ஆகலாம். பஸ் பஸ்ஸாக எடுப்பதால் அது இன்னும் கூடும். ஆகவே இரண்டு தடங்களுக்கு இடையே ஐந்தாறு சதவீத வித்தியாசத்தை வைத்து ‘இது நல்ல தடம், அது மோசம்’ என்று அறிக்கையில் எழுத வேண்டாம். இரவுப் பிரிவில் எட்டுப் பேர் கிடைக்கவில்லை என்றால், கிடைத்தவரை எழுதுங்கள். பகல் பஸ்ஸில் ஆள் பிடித்து இரவுத் தாளை நிரப்ப வேண்டாம்.